மிரட்டியது ஆளையா, நாட்டையா?

1905ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் தேதி, சோல் நகரம். கொரியப் பேரரசரின் அரண்மனை வளாகத்தில் ஜுங்மியோங்ஜோன் என்றொரு சிறிய செங்கல் கட்டடம் உண்டு. நூலகமாகக் கட்டப்பட்ட அந்த இடத்தில் அன்று எட்டு அமைச்சர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அரண்மனையைச் சுற்றிலும் ஜப்பானியப் படை. ரஷ்யாவைப் போரில் வென்று இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கொரியாவில் ஜப்பானைத் தட்டிக்கேட்க அப்போது யாரும் இல்லை.

ஜப்பான் கொண்டுவந்திருந்த வரைவு நீளமானதல்ல. கொரியாவின் வெளியுறவு முழுவதையும் இனி டோக்கியோ கவனிக்கும். சோலில் ஜப்பானின் தலைமை ஆளுநர் ஒருவர் இருப்பார். சாரம் அவ்வளவுதான். இதில் கையெழுத்திட்டால் கொரியாவால் இன்னொரு நாட்டோடு தானாகப் பேசக்கூட முடியாது.

ஜப்பானியச் சக்கரவர்த்தியின் சிறப்புத் தூதராக வந்திருந்தவர் இட்டோ ஹிரோபூமி, நான்கு முறை பிரதமராக இருந்தவர். இரண்டு நாள் முன்பு பேரரசர் கோஜோங்கை நேரில் பார்த்து வரைவை ஏற்கும்படி நெருக்கியிருந்தார். அமைச்சர்களையும் மற்றவர்களையும் கலந்துதான் சொல்ல முடியும் என்று கோஜோங் அவகாசம் கேட்டார். 17ஆம் தேதி பகலில் அமைச்சர்கள் கூடிப் பேசியபோது வரைவை ஏற்க யாருக்கும் மனம் வரவில்லை. இரவானது. ஜப்பானியப் படைத்தலைவர் ஹசெகாவாவை உடன் அழைத்துக்கொண்டு இட்டோ அரண்மனைக்கே வந்துவிட்டார். பேரரசர் உடல்நிலையைக் காரணம் காட்டி அவரைச் சந்திக்கவில்லை. எனவே இட்டோ அமைச்சர்களை ஒவ்வொருவராகக் கேட்டார். சம்மதமா, இல்லையா?

பிரதமர் ஹான் கியூ-சோல் முடியாது என்றார். அவரை வேறோர் அறைக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். காரியம் முடியும்வரை அவர் திரும்பவில்லை. நிதி அமைச்சரும் மறுத்தார். மற்றவர்களில் சிலர் நேராகச் சம்மதித்தார்கள், சிலர் மழுப்பினார்கள். மழுப்பலையும் சம்மதத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டு, எட்டில் ஐந்து பேர் இசைந்துவிட்டதாக இட்டோ முடிவுகட்டினார். வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை வரவழைக்கப்பட்டது. நள்ளிரவு தாண்டி, வெளியுறவு அமைச்சர் பக் ஜெ-சூனும் ஜப்பானியத் தூதர் ஹயாஷியும் முத்திரையிட்டார்கள். பேரரசரின் முத்திரை அதில் இல்லை. பின்னாலும் அவர் அதை உறுதி செய்யவில்லை.

இது ஒப்பந்தமா?

நம் ஊரில் ஒருவரை அறையில் அடைத்து, சுற்றிலும் ஆட்களை நிறுத்தி, நிலத்தை எழுதி வாங்கினால் நீதிமன்றத்துக்குப் போகலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வற்புறுத்தல், மோசடி, தவறான எண்ணம் என்று ஒவ்வொன்றுக்கும் பிரிவு வைத்திருக்கிறது. மிரட்டி வாங்கிய சம்மதத்தை அந்தச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பத்திரம் தானாகச் செத்துவிடாது. பாதிக்கப்பட்டவர் விரும்பினால் அதை ரத்து செய்துகொள்ளலாம். விரும்பினால் வைத்துக்கொள்ளவும் செய்யலாம். நாடுகளுக்கு இடையிலான சட்டம் இந்த இடத்தில் வேறு பாதையில் போகிறது. ஒரு நாட்டின் பிரதிநிதியை ஆளாக மிரட்டி வாங்கிய கையெழுத்துக்கு அங்கே எந்தச் சட்டப் பலனும் கிடையாது. ரத்து செய்யத் தேவையே இல்லை. தொடக்கத்திலிருந்தே அது வெறும் தாள்.

‘ஆளாக’ என்ற அந்தச் சொல்லில்தான் கொரியாவின் வழக்கு முழுவதும் நிற்கிறது.

1905இல் போர் குற்றமாக இருக்கவில்லை. ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது படையெடுத்து, தோற்ற நாட்டின் தலையில் ஓர் உடன்படிக்கையைக் கட்டினால் அது செல்லும் என்பதே அன்றைய சட்டம். அப்படிச் செல்லாது என்றால் அதுவரை ஐரோப்பாவில் எழுதப்பட்ட சமாதான ஒப்பந்தங்களில் பாதிக்குமேல் செல்லாமல் போயிருக்கும். ‘கையெழுத்துப் போடாவிட்டால் உன் நாட்டின் மீது படை வரும்’ என்று சொல்லலாம். ‘கையெழுத்துப் போடாவிட்டால் உனக்கு என்ன நடக்கும் தெரியுமா’ என்று கேட்கக் கூடாது. இந்த இரண்டாவது விதி அன்றே இருந்தது. பேச வந்தவர் தன் நாட்டின் வாயாக வந்திருக்கிறார். அவருடைய உடம்பின் மீது அச்சத்தை ஏற்றினால் பேசுவது அந்த நாடு அல்ல, பயந்துபோன ஒரு மனிதர். இதுதான் அந்த விதிக்கு அடியில் இருந்த எண்ணம்.

எனவே கேள்வி இப்படி வருகிறது. அன்றிரவு ஜப்பான் மிரட்டியது கொரியாவையா, அந்த எட்டு பேரையா? அடுத்த ஆண்டே பிரான்சிஸ் ரே என்ற பிரெஞ்சுச் சட்ட அறிஞர் இதை எடுத்துக்கொண்டு எழுதினார். பிரதிநிதிகள்மீது வன்முறை பாய்ந்திருக்கிறது, ஆகவே செல்லாது என்பது அவர் முடிவு. 1935இல் ஹார்வர்ட் சட்டப் பள்ளியின் ஆய்வுக் குழு ஒப்பந்தச் சட்டத்தைத் தொகுத்தபோது, ஆளை மிரட்டிப் பெற்ற கையெழுத்துக்கு எடுத்துக்காட்டாகக் கொரியாவையும் சேர்த்தது. கூடவே 1773இல் போலந்தின் நாடாளுமன்றத்தைப் படையால் சூழ்ந்துகொண்டு பிரிவினையை ஏற்க வைத்ததையும் சொன்னது.

மறுதரப்பு வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஜப்பானிய அறிஞர்களில் ஒரு சாரார், படை நின்றது நகரத்தைக் காக்க என்றோ, நாட்டின்மீது அழுத்தம் கொடுக்க என்றோ சொல்வார்கள். அமைச்சர்கள் வாதாடினார்கள், வரைவில் திருத்தமும் கேட்டு வாங்கினார்கள், அரச குடும்பத்தின் கண்ணியத்தைக் காப்பதாக ஒரு பிரிவு அப்படித்தான் உள்ளே வந்தது. கழுத்தில் கத்தி இருந்தவன் திருத்தம் கேட்பானா என்பது அவர்கள் கேள்வி. பேரரசரின் ஒப்புறுதி எல்லா ஒப்பந்தங்களுக்கும் அன்று கட்டாயமாக இருக்கவில்லை என்றும் சொல்வார்கள். இந்தக் கடைசி வாதத்தில் கொஞ்சம் வலு இருக்கிறது. முதல் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மறுத்த பிரதமரைக் கண்முன்னே அகற்றிவிட்டு, படைத்தலைவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மீதிப்பேரை ஒவ்வொருவராக விசாரிப்பது நாட்டை மிரட்டுவது அல்ல. அடுத்து வாய் திறக்கப் போகிறவரை மிரட்டுவது.

கோஜோங் சும்மா இருக்கவில்லை. தான் இசையவில்லை, இது செல்லாது என்று அமெரிக்காவில் இருந்த ஹோமர் ஹல்பர்ட் என்ற ஆசிரியர் மூலம் சொல்லியனுப்பினார். அமெரிக்காவோ சோலில் இருந்த தன் தூதரகத்தையே முதல் ஆளாக மூடிக்கொண்டு போயிற்று. 1907இல் தி ஹேக் நகரில் கூடிய சமாதான மாநாட்டுக்கு மூன்று தூதர்களை ரகசியமாக அனுப்பினார். உங்கள் நாட்டுக்கு வெளியுறவே கிடையாதே, எப்படி உள்ளே விடுவது என்று வாசலில் நிறுத்திவிட்டார்கள். எந்தத் தாள் செல்லாது என்று சொல்ல வந்தார்களோ அந்தத் தாளே அவர்களை உள்ளே விடாமல் தடுத்தது. மூவரில் ஒருவரான ஈ ஜுன் அந்த ஊரிலேயே இறந்துபோனார். தூதனுப்பிய குற்றத்துக்காகக் கோஜோங் அரியணையிலிருந்து இறக்கப்பட்டார். 1910 ஆகஸ்ட் 22இல் இணைப்பு ஒப்பந்தம் வந்தது. கொரியா 1945 வரை ஜப்பானின் குடியேற்ற நாடு.

பழைய கதைதானே என்று இதை விட முடியாது. 1965இல் இரு நாடுகளும் உறவைப் புதுப்பித்தபோது, 1910 ஆகஸ்ட் 22 வரை போட்ட ஒப்பந்தங்கள் எல்லாம் ஏற்கெனவே செல்லாதவை என்று ஒரு பிரிவு எழுதினார்கள். எப்போதிலிருந்து என்று எழுதவில்லை. போட்ட நாளிலிருந்தே என்பது தென் கொரியாவின் கட்சி. போட்டபோது செல்லும், கொரியா விடுதலை பெற்ற பிறகுதான் செல்லாமல் போயிற்று என்பது ஜப்பானின் கட்சி. 2018 அக்டோபரில் தென் கொரிய உச்ச நீதிமன்றம், போர்க்காலத்தில் கட்டாய வேலை வாங்கப்பட்ட நான்கு பேருக்குத் தலா 10 கோடி வொன் கொடுக்கும்படி நிப்பான் ஸ்டீல் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. 1965லேயே எல்லாக் கணக்கும் தீர்ந்துவிட்டது என்றது ஜப்பான். தீர்ந்தது சொத்து, கூலி போன்ற பணக் கணக்கு. சட்டவிரோதமான குடியேற்ற ஆட்சியோடு பிணைந்த கொடுமைக்கான இழப்பீடு அந்தக் கணக்கில் வரவில்லை என்றது நீதிமன்றம். ஆட்சி சட்டவிரோதம் என்று சொல்ல வேண்டுமானால், அந்த ஆட்சிக்கு வழிவிட்ட ஒப்பந்தங்கள் செல்லாதவை என்று நம்பியாக வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஓர் இரவில் நடந்ததை முதியவர் ஒருவரின் இழப்பீட்டு வழக்கு இப்படித் தொட்டது.

கொரியாவில் ஆளும் நாடும் பிரித்துப் பார்க்கும்படியாக இருந்தன. அடுத்த பெரிய உதாரணத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. 1939 மார்ச் 14 இரவு, செக்கோஸ்லோவாக்கியாவின் குடியரசுத் தலைவர் எமில் ஹாகா ரயிலில் பெர்லின் வந்து இறங்கினார். அறுபத்தாறு வயது, பலவீனமான இதயம். ஹிட்லர் அவரை நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு மேல்தான் உள்ளே கூப்பிட்டார். ஜெர்மானியப் படை விடிந்ததும் உள்ளே வரும், எதிர்த்தால் நசுக்கப்படும் என்றார் ஹிட்லர். பிராக் நகரத்தையே விமானத்திலிருந்து அழித்துவிடுவேன் என்றார் கோரிங். ஹாகா மயங்கி விழுந்தார். ஹிட்லரின் மருத்துவர் ஊசி போட்டுத் தெளிய வைத்தார். எதிர்க்க வேண்டாம் என்று பிராகுக்குத் தொலைபேசியில் சொல்ல வைத்தார்கள். விடியற்காலை நான்கு மணி வாக்கில் அவரும் வெளியுறவு அமைச்சரும் கையெழுத்திட்டார்கள். செக் மக்களின் விதியை ஹிட்லரின் கையில் ‘நம்பிக்கையோடு’ ஒப்படைப்பதாக அந்தத் தாள் சொன்னது. நியூரம்பர்க் தீர்ப்பு இந்த இரவைப் பதிவு செய்திருக்கிறது.

குண்டு விழப்போவது பிராகின்மீது. மயங்கியது ஹாகாவின் உடம்பு. எதை எதிலிருந்து பிரிப்பது? 1960களில் ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் ஒப்பந்தச் சட்டத்தை எழுதியபோது இந்த இரவு அதன் மேசையில் இருந்தது. ஆணையம் இரண்டையும் தனித்தனிப் பிரிவாக எழுதி, இரண்டுக்கும் ஒரே முடிவைக் கொடுத்தது. 1969 மே 23இல் கையெழுத்தான வியன்னா உடன்படிக்கையில் 51ஆம் பிரிவு பிரதிநிதியை மிரட்டுவது பற்றியது. அடி உதை மட்டுமல்ல, அவருடைய குடும்பத்தைத் தொடுவோம் என்பதும், அந்தரங்கத்தை அம்பலமாக்கிப் பதவியைக் காலி செய்வோம் என்பதும் இதில் அடங்கும் என்று ஆணையம் விளக்கியது. 52ஆம் பிரிவு நாட்டை மிரட்டுவது பற்றியது. ஐ.நா. சாசனத்துக்கு மாறாகப் படைபலத்தைக் காட்டியோ பயன்படுத்தியோ பெற்ற ஒப்பந்தம் செல்லாது. 1905இல் செல்லுபடியான மிரட்டல் 1945க்குப் பிறகு செல்லாததாகிவிட்டது. ஆனால் இந்த விதி பின்னோக்கிப் பாய்வதில்லை. அதனால்தான் கொரியாவுக்கு ‘ஆளை மிரட்டினார்கள்’ என்ற பழைய விதியை விட்டால் வேறு பிடி இல்லை.

படை வேண்டாம், அரிசி ஏற்றுமதியை நிறுத்துகிறேன், கடனை மறுக்கிறேன் என்று மிரட்டினால்? வியன்னா மாநாட்டில் மிகக் கடுமையான சண்டை இதில்தான் நடந்தது. அரசியல் அழுத்தமும் பொருளாதார அழுத்தமும் ‘பலம்’ என்ற கணக்கில் வரவேண்டும் என்று ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகள் பத்தொன்பது சேர்ந்து திருத்தம் கொண்டுவந்தன. அப்படியானால் எந்த வணிக ஒப்பந்தமும் நிற்காது என்று மேற்கு நாடுகள் எழுந்தன. கடைசியில் திருத்தம் ஓட்டுக்கே விடப்படவில்லை. அதற்குப் பதிலாகப் படை, அரசியல், பொருளாதார வற்புறுத்தல்களைக் கண்டிக்கும் தனிப் பிரகடனம் ஒன்றை மாநாடு நிறைவேற்றியது. பிரகடனத்தைக் கொண்டு ஒப்பந்தத்தை உடைக்க முடியாது. அன்று புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் தோற்றுத்தான் போயின என்பது என் எண்ணம். சிறிய நாடுகளின் கையை இன்று முறுக்குவது பெரும்பாலும் பீரங்கி அல்ல, வட்டி விகிதம்.

மிரட்டலால் பிறந்த ஒப்பந்தத்துக்கு இன்னொரு தனிக் குணம் உண்டு. மிரட்டப்பட்ட நாடு பிறகு எத்தனை ஆண்டு பேசாமல் இருந்தாலும் அது செல்லுபடியாகிவிடாது. லஞ்சம், மோசடி, தவறு ஆகிய மூன்றுக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. அவற்றால் கெட்ட ஒப்பந்தம், பாதிக்கப்பட்ட நாடு வாய் திறந்து சொல்லும்வரை செல்லும். தெரிந்த பிறகும் சொல்லாமல் இருந்துவிட்டால் சொல்லும் உரிமையே போய்விடும்.

பேசாமல் இருந்ததன் விலையைத் தாய்லாந்து கொடுத்தது. டாங்ரெக் மலைத்தொடரின் விளிம்பில், செங்குத்தான பாறைமேல், கெமர் மன்னர்கள் சிவனுக்குக் கட்டிய ப்ரியா விகார் கோயில் இருக்கிறது. 1904இல் சியாமும், கம்போடியாவை ஆண்ட பிரான்சும் எல்லை பேசி, நீர்பிரி மேடுதான் எல்லை என்று முடிவு செய்தன. மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கத்து நாடு. கணக்கு சுலபம். வரைபடம் போட சியாமிடம் வசதி இல்லாததால் பிரெஞ்சு அதிகாரிகளையே போடச் சொன்னது. பாரிஸில் அச்சாகி 1908இல் வரைபடங்கள் வந்தன. அவற்றில் ஒன்றில் கோயில் கம்போடியாவின் பக்கம் இருந்தது.

நீர்பிரி மேட்டை ஒழுங்காகப் பின்பற்றினால் கோயில் தங்கள் பக்கம் வரும், வரைபடம் தப்பு என்று தாய்லாந்து வாதிட்டது. அது உண்மையாகவே தப்பாக இருக்கலாம். ஆனால் தாய்லாந்து அதைச் சொன்ன காலம்தான் கோளாறு. வரைபடம் வந்தபோது சியாமின் உள்துறையைக் கவனித்த இளவரசர் தம்ரோங் நன்றி சொல்லி, மாகாண ஆளுநர்களுக்குக் கொடுக்க இன்னும் 15 படிகள் கேட்டு வாங்கினார். 1930இல் அதே தம்ரோங் கோயிலைப் பார்க்கப் போனார். அங்கே பிரெஞ்சு அதிகாரி சீருடையில், பிரெஞ்சுக் கொடி பறக்க, வீட்டுக்காரர் விருந்தாளியை வரவேற்பதுபோல் வரவேற்றார். ஊர் திரும்பிய தம்ரோங், அங்கே எடுத்த படங்களை அவருக்கு அன்பாக அனுப்பி வைத்தார். 1934–35இல் சியாமே நிலத்தை அளந்து வரைபடம் பொருந்தவில்லை என்று கண்டது. அப்போதும் பிரான்சிடம் சொல்லவில்லை.

1962 ஜூன் 15இல் சர்வதேச நீதிமன்றம் ஒன்பதுக்கு மூன்று என்று கோயிலைக் கம்போடியாவுக்குக் கொடுத்தது. தவறு நேர அந்த நாடே துணைபோயிருந்தால், அல்லது தவிர்த்திருக்க முடியும் என்றால், அல்லது சந்தேகம் வரும்படி சூழ்நிலை இருந்திருந்தால், ‘தவறாக நினைத்துவிட்டேன்’ என்று பிறகு சொல்ல முடியாது என்றது. ஏழு ஆண்டு கழித்து வியன்னா உடன்படிக்கையின் 48ஆம் பிரிவில் இந்தக் கருத்தின் பெரும்பகுதி ஏறியது. அந்தப் பிரிவு கேட்பது இன்னும் உண்டு: தவறு சட்டத்தைப் பற்றியதாக இருக்கக் கூடாது, ஒரு நிலவரத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும், அந்த நிலவரத்தை நம்பித்தான் நாடு சம்மதித்திருக்க வேண்டும். எழுத்துப்பிழை இதில் வராது, அதைத் திருத்திக்கொள்ளத் தனி வழி இருக்கிறது. தீர்ப்பு சட்டப்படி சரி என்றே படுகிறது. ஆனாலும் அந்த விளிம்பில் அமைதி வரவில்லை. 2011இல் இரு படைகளும் கோயிலைச் சுற்றிச் சுட்டுக்கொண்டன. 2013இல் நீதிமன்றம் தன் பழைய தீர்ப்புக்கே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

லஞ்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல முடியாது. 50ஆம் பிரிவு இருக்கிறது. அதைக் காட்டி எந்த நீதிமன்றமும் ஓர் ஒப்பந்தத்தை உடைத்த வரலாறு இல்லை. பிரதிநிதிக்குப் பணம் கொடுத்தது எதிரே உட்கார்ந்து பேசும் நாடாக இருக்க வேண்டும், நேரடியாகவோ மறைமுகமாகவோ. ஒரு சுரங்க நிறுவனம் தன் லாபத்துக்காகத் தானாகவே கொடுத்தால் இந்தப் பிரிவில் அடங்காது. விருந்தும் சிறு பரிசும் லஞ்சம் ஆகாது. முடிவையே புரட்டும் அளவுக்கு இருக்க வேண்டும். இதை நிரூபிக்க, வாங்கியவரின் சொந்த நாடு தன் அமைச்சரையே கூண்டில் ஏற்றியாக வேண்டும். அமைச்சர் பதவியில் இருக்கும்வரை அது நடக்காது.

மோசடிப் பிரிவும் அப்படியே தூங்கிக்கொண்டிருந்தது. 2013இல் அதைத் தட்டியெழுப்பியது கிழக்குத் திமோர். இந்தோனேசியாவிடமிருந்து விடுபட்டு 2002இல் முழு விடுதலை பெற்ற சின்னஞ்சிறு நாடு. அதற்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே உள்ள கடலுக்கடியில் ‘கிரேட்டர் சன்ரைஸ்’ என்ற எரிவாயு வயல் இருக்கிறது. 2006 ஜனவரியில் போட்ட ஒப்பந்தம், அந்த வயலின் வரி வருமானத்தைச் சரிபாதியாகப் பிரித்தது. கடல் எல்லைப் பேச்சை ஐம்பது ஆண்டுக்குத் தள்ளிவைத்தது. எல்லையை நடுக்கோட்டில் போட்டிருந்தால் வயலின் பெரும்பகுதி திமோரின் பக்கம் விழும் என்பது அந்த நாட்டின் கணக்கு.

பிறகு ஆஸ்திரேலிய உளவுத் துறையின் முன்னாள் அதிகாரி ஒருவர் மூலம் ஒரு செய்தி வந்தது. 2004இல் டிலி நகரில் திமோரின் அமைச்சரவை அலுவலகத்தைப் புதுப்பிக்க ஆஸ்திரேலியா உதவியது. அந்த வேலையின் மறைவில் சுவரில் ஒட்டுக்கேட்கும் கருவிகளை வைத்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. எவ்வளவுக்கு இறங்கலாம், எதை விடக் கூடாது என்று திமோர்காரர்கள் தமக்குள் பேசியதெல்லாம் எதிர்த்தரப்பின் காதில் விழுந்திருக்கும். 2013 ஏப்ரலில் திமோர் இதை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோனது. அந்த டிசம்பரில் ஆஸ்திரேலிய அதிகாரிகள் கான்பெராவில் திமோரின் வழக்கறிஞர் பெர்னார்ட் கொல்லேரியின் அலுவலகத்தைச் சோதனையிட்டு ஆவணங்களை எடுத்துப் போனார்கள். திமோர் சர்வதேச நீதிமன்றத்துக்கு ஓடியது. 2014 மார்ச்சில் நீதிமன்றம், அந்த ஆவணங்களை முத்திரையிட்டு மூடி வைக்க வேண்டும், திமோர் தன் வழக்கறிஞர்களோடு பேசுவதில் தலையிடக் கூடாது என்று உத்தரவிட்டது.

ஒட்டுக்கேட்டது 49ஆம் பிரிவு சொல்லும் மோசடியா? இதற்கு எளிதில் பதில் சொல்ல முடியாது. பொய்யான தகவலைச் சொல்லியோ ஏமாற்று வேலை செய்தோ ஒரு நாட்டை ஒப்பந்தத்துக்குள் இழுத்துவருவதே மோசடி. ஒட்டுக்கேட்டவர் திமோரிடம் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. திமோரின் உண்மையைத் திருடினார். திருட்டால் பேரம் ஒருபக்கம் சாய்ந்தது, சரி. அதனால்தான் திமோர் கையெழுத்திட்டது என்று காட்ட முடியுமா? மறுபுறம், ‘உதவி செய்கிறேன்’ என்று உள்ளே வந்ததே ஒரு பொய்தானே, நேர்மையாகப் பேசுவதாகக் காட்டிக்கொண்டது இன்னொரு பொய்தானே என்று திமோரின் பக்கம் நின்று வாதிடலாம். நான் அந்தப் பக்கம்தான் சாய்வேன். நேர்மையாகப் பேசுகிறோம் என்ற நம்பிக்கைமேல் கட்டியதுதான் பேச்சுவார்த்தை மேசை. அதற்கடியில் காது வைத்தவர் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கியவர்.

எந்த மன்றமும் இதற்குப் பதில் சொல்ல வாய்ப்பு வரவில்லை. செல்லாது என்று ஒரு நாடு சொல்லிவிட்டால் மட்டும் ஒப்பந்தம் விழுந்துவிடாது. எதிர்த்தரப்புக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும், குறைந்தது மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், மறுப்பு வந்தால் சமாதான வழியில் தீர்வு தேட வேண்டும் என்று வியன்னா உடன்படிக்கை நடைமுறை வைத்திருக்கிறது. இந்தியா உட்படப் பல நாடுகள் அந்த உடன்படிக்கையில் சேரவில்லை. ஆனாலும் அதன் பெரும்பகுதியை எல்லோரையும் கட்டும் வழக்காறாகவே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். வழக்கை முடிவுவரை நடத்தினால் பல ஆண்டு, பெருஞ்செலவு, தோற்கும் ஆபத்து. எதிர்த்தரப்புக்கோ தன் உளவுத் துறை என்ன செய்தது என்று நடுவர்கள் முன் பதில் சொல்லும் சங்கடம்.

அந்தச் சங்கடம்தான் திமோருக்குக் கைகொடுத்தது. 2017 ஜனவரியில் 2006 ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாகத் திமோர் அறிவிக்க, ஆஸ்திரேலியா ஏற்றுக்கொண்டது. மோசடி வழக்கைத் திமோர் திரும்பப் பெற்றது. ஐம்பது ஆண்டுக்குத் தள்ளிவைத்த எல்லைப் பேச்சு உடனே தொடங்கியது. 2018 மார்ச் 6இல் நியூயார்க்கில் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. எல்லை பெரும்பாலும் நடுக்கோட்டை ஒட்டிப் போகிறது. சரிபாதியாக இருந்த கிரேட்டர் சன்ரைஸ் வருமானத்தில், குழாய் எந்தக் கரைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து, 70 அல்லது 80 விழுக்காடு இனி திமோருக்கு.